‘கொடுத்தேனா, இல்லையா?’: நைட் டூட்டி செவிலியரைத் துரத்தும் கேள்வியும், ஊசிகளுக்கு நடுவே ஓர் அரை நிமிடமும்

காலை எட்டரை மணி. இரவு டூட்டி முடித்த செவிலியர் ஒருவர் பரமத்தி வேலூரில் இருந்து ஜேடர்பாளையம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் செய்யும் முதல் வேலை என்னவாக இருக்கும்? கண்ணை மூடுவார் என்றுதான் நினைப்போம். பலர் போனைத்தான் எடுக்கிறார்கள். ‘அக்கா, 7ஆம் பெட் தாத்தாவுக்கு ஆறு மணி ஊசி போட்டேன்தானே? கேஸ் ஷீட்ல என் கையெழுத்து இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும். ‘இருக்கு, நீ தூங்கு’ என்று பதில் வந்த பிறகும் தூக்கம் வராது. பதினோரு மணிக்கு இன்னொரு சந்தேகம் முளைக்கும்.

மருத்துவமனையில் வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும் இது தெரிந்த கதைதான். செவிலியர் மட்டுமல்ல, ரத்த மாதிரிக் குழாயில் பெயர் ஒட்டும் லேப் டெக்னீஷியன், மருந்து எடுத்துக் கொடுக்கும் ஃபார்மசிஸ்ட் என்று எல்லோருக்கும் இந்த பயம் உண்டு. ஆனால், இதை ‘பொறுப்பான பொண்ணு, அதான் கவலைப்படுது’ என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். அது தவறு. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் இந்த பயம் பிழையைத் தடுப்பதில்லை. சில நேரம் பிழைக்கு அதுவே வழி திறந்துவிடுகிறது.

பன்னிரண்டு மணி நேரம்

பரமத்தி வேலூர் காவிரிக் கரையில், சேலம் - கரூர் நெடுஞ்சாலையில் இருக்கும் தாலுகா ஊர். பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். வாழை, வெற்றிலை, தென்னை, கரும்பு என்று தோட்ட வேலை நிறைந்த பகுதி. நெடுஞ்சாலை விபத்து, தென்னை மரத்தில் இருந்து விழுந்தவர், பாம்புக்கடி, சர்க்கரை ஏறி மயங்கிய பெரியவர், பிரசவம் என்று இதுபோன்ற ஊரின் மருத்துவமனைக்கு எந்த நேரத்திலும் எதுவும் வரும். பெரிய நகரத்து மருத்துவமனைபோல ஒவ்வொன்றுக்கும் தனி வார்டு, தனி ஆள் இங்கே கிடையாது.

இதுபோன்ற ஊர்களில் இருபது, முப்பது படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் காலை 8 முதல் இரவு 8 வரை ஒரு ஷிப்ட், இரவு 8 முதல் காலை 8 வரை இன்னொரு ஷிப்ட். அவ்வளவுதான். நைட்டில் வார்டுக்கு ஒரு செவிலியர், சில இடங்களில் கூட ஒரு பயிற்சி மாணவி. இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோலோ கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்கிறது. அந்தக் கணக்கு காகிதத்தில் இருக்கிறது.

நீண்ட ஷிப்டுக்கும் பிழைக்கும் உள்ள தொடர்பு யாரோ சொன்ன அனுபவக் கதை அல்ல. அமெரிக்காவில் 393 செவிலியர்களின் தினசரிக் குறிப்புகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, வேலை நேரம் பன்னிரண்டரை மணி அல்லது அதற்கு மேல் போனபோது பிழை நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது என்று காட்டியது. நம் ஊர் எட்டு மணி ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆள் அரை மணி தாமதமாக வந்தாலே அந்தப் பன்னிரண்டரை வந்துவிடும்.

ஆறு மணி இன்சுலின்: ஒரு கணக்கு

பயம் எங்கே பிறக்கிறது என்று புரிய ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். இது குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையில் நடந்தது அல்ல. ஆனால், எந்த வார்டிலும் நடக்கக்கூடியது.

அதிகாலை ஐந்தே முக்கால். உடம்பு தூக்கத்துக்கு அதிகமாக ஏங்கும் நேரம் மூன்றில் இருந்து ஆறு மணி. ஆனால், வார்டில் வேலை குவியும் நேரமும் அதுவே. எல்லோருக்கும் டெம்பரேச்சர், பி.பி., சர்க்கரை பார்க்க வேண்டும், காலை ஆன்டிபயாடிக் போட வேண்டும், சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின் போட வேண்டும், சிறுநீர்ப் பையை அளந்து எழுத வேண்டும், எட்டு மணிக்கு ஹேண்ட்ஓவர் கொடுக்க நோட்டு தயாராக இருக்க வேண்டும்.

நான்காம் பெட்டில் ஒரு பெரியவர். கேஸ் ஷீட்டில் ‘இன்சுலின் 10 யூனிட்’ என்று எழுதியிருக்கிறது. மருந்தை அவர் மகன் வெளிக்கடையில் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார். இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது மற்றொன்று. ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை. 40க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. விடியற்காலை டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மகன் வாங்கி வந்தது 100 யூனிட் மருந்து. வார்டில் கைக்கு வருவது எப்போதும்போல 40 சிரிஞ்சு. அதில் 10 என்ற கோடு வரை இழுத்தால் கால் மில்லி வரும். 40 யூனிட் மருந்தாக இருந்தால் அது சரியாக 10 யூனிட். ஆனால், 100 யூனிட் மருந்தில் கால் மில்லி என்றால் 25 யூனிட். இரண்டரை மடங்கு. மாறி நடந்தால், அதாவது 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது வெறும் 4 யூனிட்.

செவிலியருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். முதலாம் ஆண்டிலேயே படித்ததுதான். பாட்டிலை எடுத்து லேபிளைப் படிக்கிறார். அந்த நொடியில் வராந்தாவில் இருந்து ஒரு குரல்: ‘சிஸ்டர், 9ஆம் பெட்ல ட்ரிப்ஸ் தீந்துருச்சுங்க, ரத்தம் ஏறுதுங்க!’ போய்ப் பார்த்து ட்ரிப்ஸை நிறுத்தி, புதுப் பாட்டில் மாட்டிவிட்டுத் திரும்புகிறார். டிரேயில் பாட்டில் இருக்கிறது, சிரிஞ்சும் இருக்கிறது. மனசு சொல்கிறது: ‘லேபிள் பாத்தாச்சு.’ பார்த்தது உண்மை. ஆனால், சிரிஞ்சோடு சேர்த்துப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தைத்தான் பிடித்தது. நடுவில் ஒவ்வொரு தடவை யாராவது குறுக்கிடும்போதும் பிழையின் வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம் கூடியது. குறுக்கீடு அதிகமாக அதிகமாகப் பிழையின் தீவிரமும் ஏறியது. செவிலியரின் அறிவு குறைந்து போய்விடவில்லை. கை நின்ற இடம் ஒன்று, மனசு மறுபடி தொடங்கிய இடம் வேறொன்று, அவ்வளவுதான்.

மறுபடி மறுபடி பார்த்தால்?

இப்படி ஒரு தடவை மயிரிழையில் தப்பியவர் அடுத்த நாளில் இருந்து என்ன செய்வார்? எல்லாவற்றையும் ஐந்து தடவை பார்ப்பார். இதுதான் இயல்பு, இதுதான் சிக்கலும்கூட.

நெதர்லாந்து உளவியலாளர்கள் மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கிண்ட் இருவரும் 2003இல் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதை அணைத்துவிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு குழு அதே அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. கடைசியில் அவர்களின் ஞாபகம் பெரிதாகத் தப்பாகிவிடவில்லை. ஆனால், அந்த ஞாபகத்தின் மீது இருந்த நம்பிக்கை சரிந்துவிட்டது. காட்சி மங்கலாகிவிட்டது. அணைத்தது தெரியும், ஆனால் அணைத்த மாதிரி ‘தோணலை’.

வார்டில் நடப்பதும் இதுதான். ஒரே செயலைப் பலமுறை பார்க்கும்போது எந்தத் தடவை பார்த்தது எது என்று மூளைக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. நேற்றுப் பார்த்ததா, இன்று பார்த்ததா, 4ஆம் பெட்டா, 6ஆம் பெட்டா எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். சந்தேகம் கூடும். அதனால், இன்னும் ஒரு தடவை பார்ப்பார். அதற்குள் நேரம் ஓடிவிடும். மிச்சமிருக்கும் பத்துப் பேருக்கும் அவசர அவசரமாக ஊசி போடுவார். பிழை பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் வந்து உட்காரும்.

ஆக, ‘இன்னும் கவனமா இரும்மா’ என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கவனமாக இருப்பவரிடம் சொல்லும் அந்த வார்த்தை அவரை மறுபடி அதே சுழலுக்குள் தள்ளும். அவருக்குத் தேவை ஐந்து அரைகுறைப் பார்வைகள் அல்ல. ஞாபகத்தில் தனியாக நிற்கிற மாதிரி, ஒரே ஒரு முழுப் பார்வை.

ஒரு முழுப் பார்வை எப்படி?

ரயில் இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். இருவருக்கும் கண் தெரியும், சிக்னல் எதிரிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு சத்தம்? வாயால் சொன்னது, காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது மூன்றும் சேர்ந்தால் பழக்கத்தில் கை தானாக ஓடுவது ஒரு நொடி நிற்கும். ஜப்பான் ரயில்வேயில் இதோடு விரலால் சுட்டிக்காட்டுவதும் சேரும். அங்கே இது பிளாட்பாரம் தாண்டித் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போயிருக்கிறது.

இன்சுலின் டிரே முன்னால் இதைச் செய்தால் இப்படி இருக்கும். பாட்டிலில் ‘100’ என்ற எண்ணின் மீது விரல் வைத்து, தனக்கே கேட்கிற குரலில் ‘மருந்து நூறு’. சிரிஞ்சின் மீது விரல் வைத்து ‘ஊசி நாற்பது’. சொன்ன உடனேயே இடிக்கும். மனசுக்குள் வாசித்திருந்தால் இடிக்காமலே போயிருக்கலாம். பிறகு பெட் அருகில் போய் ‘உங்க பேரு என்னங்க ஐயா?’ என்று கேட்க வேண்டும். ‘நீங்க ராமசாமிதானே?’ என்று கேட்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ‘ஆமாங்க’ என்றுதான் சொல்வார்.

ஊசி போட்ட கையோடு, அதே இடத்தில், கேஸ் ஷீட்டில் நேரமும் கையெழுத்தும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால், பஸ்ஸில் உட்கார்ந்து வரும் ‘கொடுத்தேனா?’ என்ற கேள்விக்கு ஒரே மருந்து இதுதான். பல வார்டுகளில் இரண்டு விதமான குறுக்குவழி நடக்கிறது. நேரம் மிச்சம் பிடிக்க முன்கூட்டியே எல்லாருக்கும் கையெழுத்து போட்டுவிடுவது ஒன்று, ஏழரை மணிக்கு உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது இன்னொன்று. இரண்டிலுமே காகிதம் சொல்வதற்கும் நடந்ததற்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்புறம் தன் கையெழுத்தைப் பார்த்தால்கூட அந்தச் செவிலியருக்கு நிம்மதி வராது, ஏனென்றால் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

குறுக்கீட்டுக்கு ஒரு விதி போதும். மருந்து இழுக்கும்போது யாராவது கூப்பிட்டு, போயே ஆக வேண்டிய நிலை வந்தால், திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரக் கூடாது. லேபிளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இழுத்துவைத்த சிரிஞ்சில் பெயரும் மருந்தும் எழுதி ஒட்டாமல் போயிருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். மருந்து வீணாகுமே என்று மேலாளர் முகம் சுளிக்கலாம். கால் மில்லி இன்சுலின் விலை என்ன, ஓர் ஐ.சி.யூ. இரவின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் முகம் நேராகிவிடும்.

கை கழுவும் அரை நிமிடம்

‘பத்து நிமிஷம் தியானம் பண்ணுங்க, பிரேக் எடுங்க’ என்று நைட் டூட்டி பார்ப்பவரிடம் சொல்வது கேலி செய்வதற்குச் சமம். அவருக்குச் சொந்தமாகப் பத்து நிமிடம் கிடையாது. ஆனால், ஏற்கெனவே அவர் வேலைக்குள்ளேயே ஒரு இடைவெளி இருக்கிறது. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் முன் கைக்கு ஹேண்ட் ரப் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்குச் சொல்லும் நேரம் 20 முதல் 30 வினாடி. இரவு முழுக்கப் பல பத்துத் தடவை வரும் அரை நிமிடம் இது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அந்த நேரத்தில் மூன்று வேலை செய்யலாம். தோளைக் கீழே இறக்கலாம். பயத்தில் தோள் காதுவரை ஏறி நிற்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. மூக்கால் சாதாரணமாக இழுத்து, வாயால் மெதுவாக நீட்டி மூச்சை விடலாம், இரண்டு தடவை போதும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாவது உடம்பின் இயல்பு. ‘ஆழமா மூச்சு இழு’ என்பதைவிட ‘மெதுவா விடு’ என்பதே சரியான யோசனை. வேகவேகமாக ஆழ மூச்சு இழுத்தால் தலை சுற்றல்தான் மிஞ்சும். கடைசியாக, அடுத்து யார் என்பதைப் பெயரோடு சொல்லிக்கொள்ளலாம்: ‘அடுத்து அஞ்சாம் பெட், பாப்பாத்தியம்மா, ஆன்டிபயாடிக்.’ முந்தைய பெட்டின் வேலை அங்கேயே முடிந்தது என்று மூளைக்குச் சொல்லும் முற்றுப்புள்ளி அது.

அந்த அரை நிமிடத்தில் போனைப் பார்ப்பது மட்டும் வேண்டாம். திரையில் எது வந்தாலும் அது இன்னொரு குறுக்கீடுதான்.

திடீரென்று ஒரு கேஸ் மோசமாகி எல்லோரும் ஓடி, ஒருவழியாக முடிந்த பிறகும், அல்லது சீனியர் எல்லார் எதிரிலும் திட்டிவிட்டுப் போன பிறகும் அரை நிமிடம் போதாது. கை நடுங்கிக்கொண்டே அடுத்த ஊசியை இழுப்பதுதான் ஆபத்து. ‘அக்கா, ரெண்டு நிமிஷம் என் பக்கத்தைப் பாத்துக்கங்க’ என்று சொல்லிவிட்டு முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வருவது சோம்பேறித்தனம் இல்லை. தனியாக இருப்பவர், அவசரமில்லாத வேலையை முதலில் எடுக்கலாம். பி.பி. பார்ப்பது, சார்ட் எழுதுவது முடிந்த பிறகு ஊசிக்கு வரலாம்.

இரவில் இருபது நிமிடம் முறை வைத்துக் கண் அயர அனுமதிக்கும் மருத்துவமனைகள் நல்ல காரியம் செய்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: எழுந்ததும் சிறிது நேரம் மூளை மந்தமாகவே இருக்கும், சிலருக்கு அது அரை மணி வரைகூடப் போகும். எழுந்த கையோடு மருந்து இழுக்கக் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. முப்பது நோயாளிக்கு ஒரே ஆள் என்றால் எந்த மூச்சுப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது. ஆள் போடாமல் ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்’ வகுப்பு மட்டும் நடத்தும் நிர்வாகம், பிழையின் சுமையைச் செவிலியர் தலையிலேயே திரும்ப ஏற்றிவைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. குறைந்த சம்பளத்துக்கும் ஊசிப் பிழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பளம் பத்தாதவர் இன்னொரு இடத்தில் பகல் டூட்டியும் பார்ப்பார். பதினேழு மணி நேரத்துக்கு மேல் கண் விழித்தவரின் கைநிதானம் மது அருந்தியவருடையதற்கு நிகராகத் தளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சொன்னால் என்ன ஆகும்?

மறுபடி நான்காம் பெட்டுக்கு வருவோம். தப்பு நடந்தேவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 25 யூனிட் உள்ளே போய்விட்டது. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குச் செவிலியர் சிரிஞ்சைக் குப்பையில் போடும்போது கவனிக்கிறார். அவர் முன்னால் இரண்டு பாதை இருக்கிறது.

உடனே டூட்டி டாக்டரை எழுப்பிச் சொன்னால் இது பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய விஷயம். பெரியவர் விழிப்போடு இருக்கிறார், காலை உணவை உடனே கொடுக்கலாம், அடிக்கடி விரலில் குத்தி சர்க்கரை பார்க்கலாம், 70க்குக் கீழே இறங்கினால் குளுக்கோஸ், தேவைப்பட்டால் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ். சில மணி நேரம் கவனித்தால் ஆபத்து கடந்துவிடும். சொல்லாமல் விட்டால், எட்டு மணிக்கு ஆள் மாறிவிடுவார். ஒன்பது மணிக்குப் பெரியவர் வியர்த்து, உளறி, மயங்கினால் புதிதாக வந்தவர் அதைப் பக்கவாதமா, மாரடைப்பா என்று தேடிக்கொண்டிருப்பார். இங்கே உயிரை எடுப்பது ஊசி அல்ல, ஊசிக்குப் பிந்தைய மௌனம்.

ஆனால், சொல்வதற்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் ரடாண்டா வாட் என்ற செவிலியரின் வழக்கு உலகம் முழுக்கச் செவிலியர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 2017 டிசம்பரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க 75 வயதுப் பெண்ணுக்கு ‘வெர்செட்’ என்ற மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மருந்து அலமாரி இயந்திரத்தில் VE என்று தட்டினார். அது வேறு பொதுப்பெயரில் பதிவாகியிருந்ததால் வரவில்லை. தடையைத் தாண்டும் வசதியைப் பயன்படுத்தித் தேடியபோது வந்தது வெகுரோனியம், தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. அதையே கொடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். தவறு தெரிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார்.

அவர் சரிபார்க்க வேண்டிய பல இடங்களைத் தவறவிட்டார் என்பது உண்மை. குப்பி மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. வெர்செட் திரவம், இதுவோ தூள். அதையெல்லாம் மறுக்க முடியாது. 2022 மார்ச்சில் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு அவர் தண்டிக்கப்பட்டார்; மே மாதம் சிறைக்குப் பதில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். மருத்துவமனை மீது குற்ற வழக்கு இல்லை. ‘ஒப்புக்கொண்டவருக்கு இதுதான் கதி என்றால் இனி யார் வாயைத் திறப்பார்?’ என்று செவிலியர் அமைப்புகள் கேட்டன. பக்கத்து மாகாணமான கென்டக்கி 2024இல், மருத்துவப் பணியாளரின் சாதாரணப் பிழைகளைக் குற்ற வழக்கில் இருந்து விலக்கிச் சட்டமே இயற்றியது.

இந்தியாவில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அலட்சியத்தால் மரணம் என்றால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டாண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டாண்டு. பதிவுபெற்ற மருத்துவர் யார் என்ற விளக்கத்தில், தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று இருக்கிறது. செவிலியர் அந்தப் பதிவேட்டில் இல்லை. சட்டத்தின் வாசகத்தை அப்படியே படித்தால், ஒரே பெட் அருகே நிற்கும் டாக்டருக்கு இரண்டாண்டு, சிஸ்டருக்கு ஐந்தாண்டு. மருந்தை எழுதுபவரைவிட ஏற்றுபவருக்குப் பயம் கூட இருப்பதில் என்ன ஆச்சரியம்?

உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர் மீது குற்ற வழக்குப் போட வேண்டுமானால் சாதாரணப் பிழை போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்து வேண்டும் என்றது. அதே கேடயம் செவிலியருக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் உண்டு என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட வேண்டும். குடிபோதையில் வேலைக்கு வந்தவரையும், மருந்தைத் திருடியவரையும், தெரிந்தே மறைத்தவரையும் அது காப்பாற்றத் தேவையில்லை. பதினோராவது மணி நேரத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவிட்டு வந்தவரைக் காப்பாற்றினால் போதும்.

சட்டம் மாறும்வரை வேலூரின் முப்பது படுக்கை மருத்துவமனை சும்மா இருக்க வேண்டியதில்லை. 40 யூனிட், 100 யூனிட் இரண்டில் ஒன்றை மட்டும் வார்டில் வைப்பது, வெளியில் வாங்கிவரும் இன்சுலினுக்கு அதற்கான ஊசியையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது, இரண்டுக்குமே பெரிய செலவில்லை. ஹேண்ட்ஓவர் நோட்டில் ‘சந்தேகம்’ என்று ஒரு கட்டம் போடலாம். ‘4ஆம் பெட் ஊசி இரண்டு தடவை தடைபட்டது, சர்க்கரை மறுபடி பாருங்க’ என்று எழுதிவிட்டுப் போகிறவர் பஸ்ஸில் போனை எடுக்க வேண்டியிருக்காது. அந்தக் கட்டத்தில் எழுதியதற்காக யாரையும் திட்டக் கூடாது. திட்டிய மறுநாளே கட்டம் காலியாகிவிடும்.

கவலை எப்போது சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போய்விட்டது என்பதற்கு அடையாளம் வீட்டில்தான் தெரியும். லீவு நாளிலும் தூக்கம் வராமல் இருப்பது, டூட்டிக்குக் கிளம்பும்போது வாந்தியும் படபடப்பும், வார்டுக்கு நாளைக்கு நான்கைந்து தடவை போன் போடுவது, இதெல்லாம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும்.

இன்னொரு வேலை நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கு. அப்பாவோ அம்மாவோ வார்டில் இருக்கும்போது செவிலியர் டிரே முன்னால் நின்று மருந்து இழுப்பதைப் பார்த்தால், மூச்சு, ரத்தம், மயக்கம் தவிர வேறு எதற்காகவும் அந்த ஒரு நிமிடம் கூப்பிட வேண்டாம். டிஸ்சார்ஜ் எப்போ, பில் எவ்வளவு, ஃபேன் ஓடலை, எல்லாம் அவர் சிரிஞ்சைக் கீழே வைத்த பிறகு கேட்கலாம். அவர் பக்கத்தில் வந்து பெயர் கேட்டால், ‘மூணு நாளா இருக்கோம், இன்னுமா பேர் தெரியல?’ என்று கேட்காமல் பெயரைச் சொல்லிவிடுங்கள்.